லோகோவுக்கும் டேக்லைனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

கேள்வி: மாமாவின் எண்ணெய்க் கடைக்கு லோகோ செய்கிறேன். கடைப் பெயர் "பூவரசு". பூவரச இலையைத் தலைகீழாக வைத்தால் எண்ணெய்த் துளி மாதிரி வருகிறது, அதுதான் சின்னம். "மரச்செக்கில் ஆட்டிய எண்ணெய்" என்பது டேக்லைன். பக்கவாட்டில் ஒன்று, மேல்கீழாக ஒன்று என்று இரண்டு அமைப்பு வேண்டும். ஆங்கில வழிகாட்டிகளில் சொன்ன அளவுகளை அப்படியே போட்டேன், எதுவுமே ஒட்டவில்லை. பெயருக்கும் டேக்லைனுக்கும் அளவு விகிதம் என்ன, இடைவெளி எவ்வளவு?

பதில்:

அந்த அளவுகள் ஒட்டாததற்குக் காரணம் எளிது. ஆங்கில டேக்லைனைப் பெரும்பாலும் பெரிய எழுத்துகளில் போடுவார்கள். அவற்றுக்கு மேலே தூக்கலும் கிடையாது, கீழே வாலும் கிடையாது. இரண்டு செங்கல் வரிசை மாதிரி அடுக்கிவிடலாம். உங்கள் பெயரில் பூ, சு இரண்டுக்கும் கால் கீழே இறங்குகிறது. டேக்லைனில் ச், க், ல், ட், ண், ய் எல்லாவற்றுக்கும் தலையில் புள்ளி, கி, டி இரண்டுக்கும் மேலே வளைவு. மேல் வரி கீழே இறங்குகிறது, கீழ் வரி மேலே எழும்புகிறது. இரண்டும் சந்திக்கும் அந்த இடம்தான் உங்கள் வேலையின் முக்கால்வாசி.

முதலில் அளவுகோல். ஃபான்ட் சைஸை அளவுகோலாக வைக்காதீர்கள். ஒரே 40 பாயின்ட்டில் இரண்டு தமிழ் ஃபான்ட் போட்டுப் பாருங்கள், எழுத்தின் உடல் உயரம் நன்றாகவே வேறுபடும். அதற்குப் பதிலாகப் பெயரில் இருக்கும் "ப"வின் உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே தட்டையான கோடு, இரண்டு பக்கமும் நேர்க்கோடு, மேலே எதுவும் இல்லை; தமிழில் அளப்பதற்கு இதைவிட வசதியான எழுத்து இல்லை. "பூ"வின் கால் கணக்கில் வராது, உடல் மட்டும்தான். டேக்லைனில் ப இல்லையென்றாலும் அதே ஃபான்ட்டில் ஒரு ப அடித்து அளந்துவிட்டு அழித்துவிடலாம். கணக்கு எளிதாக இருக்க, பெயரின் ப உயரம் 10 மி.மீ. என்று மூலக் கோப்பை வரைந்துகொள்ளுங்கள். இனி நான் சொல்லும் எண்களெல்லாம் அந்த 10-ஐ ஒட்டியவை. நடுத்தர அகலமுள்ள ஒரு ஃபான்ட்டை மனதில் வைத்துச் சொல்கிறேன். உங்கள் ஃபான்ட்டில் ஒன்றிரண்டு மி.மீ. மாறும், உறவு மாறாது.

இப்போது டேக்லைனின் நீளம். "பூவரசு" 10 மி.மீ. உயரத்தில் ஏறக்குறைய 46 மி.மீ. அகலம் வரும். "மரச்செக்கில் ஆட்டிய எண்ணெய்" என்ற வரி தன் ப உயரத்தைப்போல 21 மடங்குக்கும் மேல் அகலம் கேட்கும், ஏனென்றால் ண், ணெ, ஆ எல்லாம் இடத்தை அடைக்கும் எழுத்துகள். அதைப் பெயரின் 46 மி.மீ. அகலத்துக்குள் அடக்கினால் ப உயரம் 2.1 மி.மீ.தான் மிஞ்சும், அதாவது பெயரில் ஐந்தில் ஒரு பங்கு. கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அழகாகத்தான் தெரியும். அரை லிட்டர் பாட்டில் லேபிளில் அது ஒரு கோடு. படிக்கும்படி மூன்றில் ஒரு பங்காக ஆக்கினால் 70 மி.மீ. நீளம், பெயரைவிட ஒன்றரை மடங்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இதை ஸ்பேசிங்கால் சரிசெய்ய முடியாது. சொற்களைத்தான் குறைக்க வேண்டும். மாமாவிடம் பேசி "ஆட்டிய"வை எடுத்துவிட்டு "மரச்செக்கு எண்ணெய்" என்று வையுங்கள். செக்கில் ஆட்டாமல் வேறு எப்படி? பொருள் அப்படியே இருக்கிறது, நீளம் 15 மடங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்குகிறது. இப்போது 46 மி.மீ. அகலத்துக்கு ப உயரம் 3.1 மி.மீ. கிடைக்கும். பெயருக்கும் டேக்லைனுக்கும் பத்துக்கு மூன்று. தமிழில் இந்த விகிதம் மூன்றுக்குக் கீழே போனால் சிறிய அச்சில் டேக்லைன் சாகும். நான்கரையைத் தாண்டினால் எது பெயர், எது விளக்கம் என்ற குழப்பம் வரும். இடையில் எங்கே நிற்பது என்பதை அகலமே முடிவு செய்யட்டும்: ஒன்று, டேக்லைன் பெயரின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும், அல்லது வேண்டுமென்றே குட்டையாக வைத்தது என்று தெரியும் அளவுக்குக் குறைய வேண்டும். இரண்டு மி.மீ. மட்டும் குறைந்து நின்றால் பார்ப்பவர் அதைப் பிழையாகத்தான் பார்ப்பார்.

அகலத்தைப் பொருத்த டிராக்கிங்கைத் தொடாதீர்கள். ஆங்கிலத்தில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்து அகலத்தை நிரப்புவது வழக்கம். தமிழில் "செ"வை அப்படித் தள்ளினால் கொம்பு ஒரு பக்கம், ச ஒரு பக்கம் போகும், "ணெ"யும் அப்படியே. வாசிக்கிற கண் கொம்பை முந்தைய எழுத்தோடு சேர்த்துப் பார்த்துத் தடுமாறும். டிராக்கிங் 10, மிஞ்சினால் 20 வரை பொறுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். அளவைக் கூட்டிக் குறைத்தே பொருத்துங்கள்.

அடுத்தது அந்தச் சந்திக்கும் இடம். பூ, சு இரண்டின் காலும், எழுத்தின் உடல் உட்காரும் அடிக்கோட்டுக்குக் கீழே ஏறக்குறைய 4 மி.மீ. இறங்கும். டேக்லைனின் புள்ளிகள் அதன் ப உச்சிக்கு மேலே ஏறக்குறைய 1.4 மி.மீ. எழும்பும். எதுவும் எதையும் தொடாமல் தாராளமாக விட வேண்டுமென்றால், பெயரின் அடிக்கோட்டிலிருந்து டேக்லைனின் ப உச்சி வரை 7 மி.மீ. தேவை. வைத்துப் பாருங்கள். ஓரங்களில் சரியாக இருக்கும். நடுவில் "வ"வுக்குக் கால் இல்லை, "ர"வுக்கு இருந்தாலும் குட்டைதான், அதனால் அங்கே ஒரு குளம் வெட்டியதுபோல் வெள்ளை தேங்கி நிற்கும். டேக்லைன் உயரத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடைவெளி. பெயருக்கும் அதற்கும் உறவே இல்லாத மாதிரி இருக்கும். பயந்து 5 மி.மீ.க்குக் குறைத்தால் பூவின் கால் போய் "ச்" புள்ளியில் இடிக்கும். அந்தப் புள்ளி சரியாகப் பூவின் கீழேதான் வருகிறது.

இங்கேதான் இது லோகோ, வெறும் தட்டச்சு இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பெயரை அவுட்லைனாக்கி, இரண்டு கால்களையும் 4 மி.மீ.யிலிருந்து 3 மி.மீ.க்குக் குறைத்து வரையுங்கள். நுனியை வெட்டி எறியாமல், வளைவின் வடிவத்தைக் காப்பாற்றிக்கொண்டு மேலே ஏற்றுங்கள்; இரண்டு காலும் ஒரே மட்டத்தில் முடியட்டும். பிறகு இடைவெளியை 6 மி.மீ. வையுங்கள். கால் 3 மி.மீ.யில் நிற்கிறது, புள்ளியின் தலை 4.6-ல் தொடங்குகிறது, நடுவே 1.6 மி.மீ. காற்று. அந்தக் காற்று பெயரின் கோட்டுத் தடிமன் அளவுக்காவது இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம். பெயரின் கோடு 1.5 மி.மீ. தடிமன் என்றால் இது சரியாக அமைகிறது. "சு"வின் கால் விழும் இடம் உங்களுக்கு அதிர்ஷ்டம்: அதன் கீழே பெரும்பாலும் "ணெ"தான் வரும், அதற்குப் புள்ளி கிடையாது. ஆனாலும் ஒரு பக்கம் நெருக்கி மறுபக்கம் தள்ள முடியாதே, அடிக்கோடு ஒன்றுதான்.

டேக்லைனின் தடிமனையும் கவனியுங்கள். பெயரின் அதே வெயிட்டில் டேக்லைனைப் போட்டால், சிறிதாகும்போது கோடு 0.47 மி.மீ. ஆகிவிடும். பெயருக்குப் பக்கத்தில் அது நோஞ்சானாகத் தெரியும். ஒரு படி தடித்த வெயிட் எடுத்து 0.6 மி.மீ. பக்கம் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் தடித்தால் ண், ணெ இரண்டின் சுழிகள் அடைபடத் தொடங்கும். தமிழில் தடிமனுக்கு மேல் வரம்பு போடுவது எப்போதும் ண-தான்.

இடது ஓரம் ஒரு சின்ன விஷயம், ஆனால் எல்லாரும் தவறவிடுவது. பெயர் ப-வில் தொடங்குகிறது, டேக்லைன் ம-வில். இரண்டுக்கும் இடப்பக்கம் நேர்க்கோடு, எனவே இரண்டு கோடும் ஒரே செங்குத்தில் நிற்க வேண்டும். டெக்ஸ்ட் பெட்டியாக வைத்து இடப்பக்கம் அலைன் செய்தால் நிற்காது. ஒவ்வொரு எழுத்தும் தன் இரு பக்கமும் கொஞ்சம் வெற்றிடம் சுமந்துகொண்டுதான் வருகிறது. பெரிய எழுத்துக்கு அது பெரிது. 10 மி.மீ. ப-வுக்கும் 3.1 மி.மீ. ம-வுக்கும் அரை மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். அவுட்லைனாக்கிய பிறகு, உண்மையான கோட்டின் ஓரத்தை வைத்து அலைன் செய்யுங்கள். வலப்பக்கம் "ய்" நேர்க்கோட்டில் முடிவதால் அங்கேயும் இப்படியே பொருத்தலாம்.

இதோடு பெயரும் டேக்லைனும் சேர்ந்த ஒரு கட்டு தயார்: 46 மி.மீ. அகலம், ப உச்சியிலிருந்து டேக்லைன் அடிவரை 10, 6, 3.1 சேர்த்து 19.1 மி.மீ. உயரம். இந்தக் கட்டை இரண்டு அமைப்பிலும் மாற்ற வேண்டாம். மாறுவது இலையின் அளவும் இடமும் மட்டும்தான். இரண்டுக்கும் தனித்தனி விகிதம் வைத்தால் லேபிளில் ஒரு பூவரசு, பெட்டியில் இன்னொரு பூவரசு என்று ஆகிவிடும்.

பக்கவாட்டு அமைப்பு. இலையை இடப்பக்கம் வைத்து, அதன் உயரத்தைக் கட்டின் உயரத்தோடு பொருத்துங்கள். ஆனால் அளவுகோலில் சமமாக வைத்தால் இலை சிறியதாகத் தெரியும். கூர்நுனி மேலே இருப்பதால் கண் அந்த நுனியை முழுதாகக் கணக்கில் எடுப்பதில்லை. கீழே இருக்கும் இரண்டு உருண்டையும் அப்படியே. நுனியை ப உச்சிக்கு மேலே 1 மி.மீ., உருண்டைகளை டேக்லைன் அடிக்குக் கீழே 0.4 மி.மீ. வெளியே விடுங்கள். இலை 20.5 மி.மீ. உயரம், ஏறக்குறைய 18 மி.மீ. அகலம் வரும். இலைக்கும் எழுத்துக்கும் நடுவே, இலை மிக அகலமாக இருக்கும் இடத்திலிருந்து 7 மி.மீ. விடுங்கள். பெயருக்கும் டேக்லைனுக்கும் நடுவே இருப்பதைவிட இது கூடுதலாக இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் டேக்லைன் பெயரை விட்டு இலையின் உருண்டையோடு ஒட்டிக்கொள்ளும். 10 மி.மீ. விடத் தோன்றும், வேண்டாம். இலை மேலே குறுகுவதால் பெயரின் பக்கத்தில் ஏற்கெனவே இடம் அதிகம் இருக்கிறது. மொத்தம் 71 மி.மீ. அகலம்.

மேல்கீழ் அமைப்பில் இலை பெரிதாகலாம். 24 மி.மீ. உயரம், 21 மி.மீ. அகலம் வையுங்கள், எழுத்தின் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. எழுத்தின் அகலத்தை நெருங்க நெருங்க இலை பெயரை நசுக்கும். உங்கள் பெயருக்கு மேலே புள்ளியோ வளைவோ இல்லை என்பது இங்கே பெரிய வசதி. இலையின் அடியிலிருந்து ப உச்சி வரை அதே 6 மி.மீ. போதும். கீழ் இடைவெளியும் 6-தானே, சமமாகிவிடுமே என்று கேட்கலாம். கால்கள் இறங்கி நிற்பதால் கீழ் இடைவெளி கண்ணுக்கு நாலு, நாலரை மாதிரிதான் தெரியும். மேலே உருண்டைகள் இரண்டு இடத்தில்தான் பெயரை நெருங்குகின்றன, அதனால் அந்த 6 கூடுதலாகத் தெரியும். இலையின் நடு அச்சை எழுத்துக் கட்டின் நடுவில் வைத்துவிட்டு, தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். படிக்க முடியாத நிலையில் சாய்வு உடனே தெரியும். தெரிந்தால் அரை மி.மீ. நகர்த்துங்கள். மொத்தம் 46-க்கு 49, ஏறக்குறைய சதுரம்.

சதுரம் என்பதால் இதையே வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் புரொஃபைல் படமாகப் போடலாம் என்று மாமா சொல்வார். அது வட்டமாக வெட்டப்படும். டேக்லைனின் இரண்டு முனையும் வட்டத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் மொத்தத்தையும் முக்காலுக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்க வேண்டும், பிறகு எதுவும் படிக்க முடியாது. அங்கே இலை மட்டும் போதும். பாட்டில் மூடிக்கும் அப்படியே.

மாமா "ஆட்டிய"வை விடவே மாட்டேன் என்றால் மேல்கீழ் அமைப்பில் மட்டும் டேக்லைனை இரண்டு வரியாக உடையுங்கள்: "மரச்செக்கில்" ஒரு வரி, "ஆட்டிய எண்ணெய்" அடுத்த வரி, நடுவில் சீர்செய்து. இரண்டாம் வரியைப் பெயரின் அகலத்துக்குப் பொருத்தினால் ப உயரம் 3.7 மி.மீ. கிடைக்கும், மோசமில்லை. பக்கவாட்டு அமைப்பில் இரண்டு வரி டேக்லைன் வைத்தால் பெயர் சிறுத்துவிடும். அங்கே டேக்லைன் இல்லாமலே விடுவேன்.

எந்த அளவுக்குக் கீழே டேக்லைனை எடுத்துவிட வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அச்சில் டேக்லைனின் ப உயரம் 1.3 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்று வைத்துக்கொண்டால், பக்கவாட்டு அமைப்புக்குக் குறைந்தபட்ச அகலம் 30 மி.மீ., மேல்கீழ் அமைப்புக்கு 20 மி.மீ. விசிட்டிங் கார்டில் தாராளமாக வரும், ரப்பர் ஸ்டாம்பில் வராது. அந்த அளவில் டேக்லைனின் கோடு 0.25 மி.மீ.; வெள்ளைத் தாளில் கறுப்பாக ஆஃப்செட்டில் நிற்கும். அடர்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் சுற்றிலும் இருந்து மை உள்ளே கசிந்து ண்-இன் புள்ளியைத்தான் முதலில் விழுங்கும். அப்படி அச்சிடும்போது குறைந்தபட்ச அளவை ஒன்றரை மடங்காக்குங்கள். டின்னில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தாலும் இதுவே கணக்கு. திரையில் பக்கவாட்டு அமைப்பு 180 பிக்சலுக்குக் கீழே வந்தால் டேக்லைன் வேண்டாம்.

எடுப்பது என்றால் டேக்லைனை மறைத்துவிட்டு மீதியை அப்படியே அனுப்புவது அல்ல. 20.5 மி.மீ. இலை, பக்கத்தில் 10 மி.மீ. பெயர், கீழே வெறும் பள்ளம் என்று நிற்கும். டேக்லைன் இல்லாத பக்கவாட்டு அமைப்பைத் தனியாக வரையுங்கள்: இலை 15 மி.மீ., ப உச்சிக்கும் கால்களின் நுனிக்கும் நடுவே மையம் கொண்டதாக. கால்கள் இப்போது யாரையும் இடிக்கவில்லை என்பதால் பழையபடி நீட்டத் தோன்றும்; அதைச் செய்யாதீர்கள், பெயரின் வடிவம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். டேக்லைன் என்பது வணிகச் சின்னத்தில் கழற்றி மாட்டக்கூடிய பாகம்தான். இந்திய அரசின் சின்னத்தில் அப்படி இல்லை. சிங்கங்களுக்குக் கீழே "சத்யமேவ ஜயதே" இல்லாமல் அந்தச் சின்னம் முழுமை பெறாது. நம் தமிழ்நாடு அரசுச் சின்னத்தில் "வாய்மையே வெல்லும்" சுற்றுவட்டத்திலேயே இருக்கிறது. பழைய காலத்து மாதிரி உங்கள் மாமாவும் வாசகத்தை முத்திரைக்குள்ளேயே வட்டமாகச் சுற்றச் சொன்னால், சிறிய அளவில் அதைக் கழற்ற வழியில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சுற்றிலும் விட வேண்டிய வெற்றிடம் ஒரு ப, அதாவது 10 மி.மீ. எல்லாப் பக்கமும். கால்களிலிருந்தும் நுனியிலிருந்தும் அல்ல, மொத்தத்தையும் சூழும் செவ்வகத்திலிருந்து.

கோப்பை அனுப்பும் முன் இரண்டு பரிசோதனை. இல்லஸ்ட்ரேட்டரில் தமிழ் அடிக்கும்போது ெ எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் `Preferences > Type > Show Indic Options` போட்டு, பத்திக்குத் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். அது சரியான பிறகே `Type > Create Outlines`. அவுட்லைன் ஆக்காமல் ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பினால் அவர்கள் கணினியில் இருக்கும் வேறு ஃபான்ட் வந்து உட்காரும், உங்கள் 6 மி.மீ. கணக்கு அத்தோடு முடிந்தது. இலையின் நரம்பைக் கோடாக வரைந்திருந்தால் அதையும் `Object > Expand` செய்யுங்கள். இல்லாவிட்டால் சுருக்கும்போது இலை சிறுக்கும், நரம்பு தடியாகவே நிற்கும். பிறகு 30 மி.மீ. அகலத்தில் சாதாரண லேசர் பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்து, அதை ஜெராக்ஸ் போடுங்கள். ஜெராக்ஸில் பூவின் காலும் ச் புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தால் இடைவெளி போதும். ஒட்டினால் 6-ஐ 6.5 ஆக்குங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள்.

கடைப் பலகையையும் கேட்பீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 12 அடிக்கு 3 அடிப் பலகையில் பக்கவாட்டு அமைப்பை வெற்றிடத்தோடு வைத்தால் உயரம்தான் எல்லை போடும்: மூலக் கோப்பில் மொத்த உயரம் 40.5 மி.மீ., எனவே அதன் ஒரு மி.மீ.க்குப் பலகையில் ஏறக்குறைய 0.89 அங்குலம். பெயரின் ப கிட்டத்தட்ட 9 அங்குலம், லோகோ ஐந்தேகால் அடி நீளம், வெற்றிடம் சேர்த்து ஆறேமுக்கால். மீதி ஐந்தேகால் அடியில் ஆங்கிலப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வையுங்கள், தமிழ்நாட்டில் பெயர்ப் பலகைக்குத் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகித விதி இருக்கிறது என்பதை மனதில் வைத்து. ஆங்கிலப் பெயரைத் தமிழ்ப் பெயருக்கும் டேக்லைனுக்கும் நடுவில் செருகச் சொல்வார்கள். அந்த 6 மி.மீ.யில் அதற்கு இடமில்லை.